லித்தியம் டெஸ்ட் தேதி தவறவில்லை, ஆனாலும் அப்பா எமர்ஜென்சியில்: உங்கள் அனுபவம் என்ன?

பெரம்பூர் மகள்
அப்பாவுக்கு 66 வயது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை ராத்திரி 800 மி.கி., பல வருஷமாக. ஃபேமிலி டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் லித்தியம் லெவலும், சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினினும் பார்ப்பார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கால்சியமும். மருந்தைக் கூட்டுவது குறைப்பது மனநல டாக்டர் மட்டும். எல்லாம் மனநல டாக்டர் ஃபேமிலி டாக்டருக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. மார்ச்சில் லெவல் 0.7. ஏப்ரலில் பிபி ஏறியதால் ஃபேமிலி டாக்டர் டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் சேர்ந்த மாத்திரை தந்தார். அடுத்த டெஸ்ட் அட்டவணைப்படி ஜூனில்.

மே மாதம், அந்த வெயிலில் பேங்குக்குப் போனோம். அப்பா கையெழுத்துப் போட்டார், கோடு எங்கேயோ ஓடியது. இன்னொரு ஸ்லிப், அதுவும் அப்படியே. கவுன்டரில் இருந்த பெண் பழைய கையெழுத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "நான்தாம்மா அது" என்று அப்பா சொன்னபோது நாக்கு குழறியது. வாழ்நாள் முழுக்க ஆபீஸ் ஃபைலில் கையெழுத்துப் போட்ட மனுஷன்.

எமர்ஜென்சியில் லெவல் 1.7. கிரியாட்டினின் 0.9-லிருந்து 1.6. லித்தியத்தை நிறுத்தி டிரிப் போட்டார்கள். ஒரு தேதிகூடத் தவறவில்லையே, இதை யார் கவனித்திருக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற டாக்டர், மயிலாப்பூர்
அந்த மூன்று மாதக் கணக்கு எதுவும் மாறாத ஆளுக்கு. புது மருந்து சேர்ந்தால் ஒரு வாரத்தில் லெவல் பார்க்க வேண்டும், பிறகு நிலைக்கும் வரை திரும்பத் திரும்ப. உங்கள் அப்பாவுக்குத் தந்த மாத்திரையில் இருக்கும் இரண்டுமே சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைப்பவை. அதிலும் தயாசைடு மோசம். மூட்டுவலிக்குத் தரும் டைக்ளோஃபெனாக்கும் இதே வேலையைச் செய்யும். 'புது மாத்திரை எழுதும் முன் எனக்கு போன் செய்யவும்' என்ற வரி கடிதத்தில் இருந்ததா? பெரும்பாலும் இருக்காது.

வேளச்சேரி குமார்
டாக்டர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சாப்பாட்டில் இருக்கிறது விஷயம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். உப்பே இல்லாத கஞ்சி கொடுங்கள், பிபியும் இறங்கும், பிபி மாத்திரையே வேண்டாம். தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். என் மாமனார் இப்படித்தான் இருக்கிறார். அவருக்கு லித்தியம் இல்லை, சுகர்தான். ஆனாலும் உடம்பு உடம்புதானே. காலையில் வாழைத்தண்டு ஜூஸும் தரலாம்.

லேப் டெக்னீஷியன், தாம்பரம்
குமார் சார், தண்ணீர் சரி, உப்பு தப்பு. லித்தியம் சாப்பிடுகிறவர் திடீரென்று உப்பை நிறுத்தினால் சிறுநீரகம் சோடியத்தை விடாமல் இழுத்துப் பிடிக்கும், கூடவே லித்தியமும் தங்கிவிடும். லெவல் ஏறும். வழக்கமான உப்பு வழக்கம்போல இருக்கட்டும்.

என் கதை வேறு. ஒரு அம்மாவுக்கு ரிப்போர்ட் 2.9. எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருக்கிறார்! அந்த அளவுக்குக் கை உதறும், நடை தள்ளாடும், பூ கட்ட முடியாது. குழாயைப் பார்த்தால் பச்சை மூடி. சிலவகைப் பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் பூசியிருப்பதே லித்தியம் ஹெப்பாரின். சிவப்பு மூடியில் மறுபடி எடுத்தோம், 0.6. அதற்குள் அவங்க டாக்டர் போனில் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இன்னொன்று, கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து உட்காருகிறார்கள். நாங்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

அண்ணா நகர் அக்கா
தைராய்டு பற்றித்தானே கேட்டீர்கள்? லித்தியத்தால் தைராய்டு மந்தமாகி எனக்கு டிஎஸ்எச் 12 வந்தது. எந்நேரமும் தூக்கம், முடி கொட்டியது, மறுபடி டிப்ரஷன் வந்துவிட்டது என்றே நினைத்தேன். கிளினிக்கில் 'லித்தியத்தை விடுங்கள்' என்றார்கள். மனநல டாக்டர் சத்தம் போட்டார்: தைராக்ஸின் சேர்த்தால் போதும், லித்தியம் தொடரட்டும் என்று. இரண்டு பேருக்கும் நடுவில் நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மயிலாப்பூர் டாக்டர் சார், 'போன் செய்யவும்' என்று எழுதினால் செய்துவிடுவார்களா? மாலை ஓபியில் நாற்பது பேர் காத்திருக்கும்போது?

ஓய்வுபெற்ற டாக்டர், மயிலாப்பூர்
செய்ய மாட்டார்கள், நியாயம்தான். அதனால்தான் மருந்துக் கடையிலும் சொல்லி வைக்கச் சொல்வேன்.

பெரம்பூர் மகள்
தைராய்டு இல்லை அக்கா, இருந்தாலும் நன்றி. குமார் சார், உப்பில்லாக் கஞ்சியை அப்பாவிடம் நீங்களே வந்து சொல்லுங்கள்.

இப்போது பிபிக்கு அம்லோடிபின். லித்தியம் 400-இல் மறுபடி ஆரம்பித்து வாரா வாரம் லெவல் பார்க்கிறோம். கிரியாட்டினின் 1.2, பழைய 0.9 திரும்புமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ரிப்போர்ட் இரண்டு டாக்டருக்குமே வாட்ஸ்அப்பில் போகிறது. 1.0 தாண்டினால் கூப்பிடுகிறேன் என்கிறார் ஃபேமிலி டாக்டர். 0.5, 0.7, 0.9 என்று ஏறிக்கொண்டே வந்தால் யார் கூப்பிடுவது என்று கேட்டேன். மனநல டாக்டரைக் கேளுங்கள் என்றார். அவர் அப்பாயின்ட்மென்ட் அடுத்த மாதம்.