அலகுக்கு ஐந்து மணித்தியாலம் என்று பிரித்தேன், கடைசி அலகு காணாமல் போனது

கோண்டாவில் விரிவுரையாளர்

பாடத்திட்டம் எழுதிச் சூடுபட்டவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்லூரியில் யாழ்ப்பாண நிலத்தடி நீர் பற்றி இரண்டு கிரெடிட் பாடம் ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணித்தியால விரிவுரை, ஆகவே 30. அலகுகள் ஆறு: நீர் வட்டம், சுண்ணக்கல்லும் நன்னீர் வில்லையும், கிணறுகளும் இறைப்பும், உவர்நீர் ஊடுருவல், நைத்திரேற்று மாசு, முகாமைத்துவம். ஆளுக்கு ஐந்து. அட்டவணை பார்க்க அழகாக இருந்தது. ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, குழுவில் ஐந்தே நிமிடத்தில் கை உயர்த்திவிட்டார்கள்.

வகுப்பில் நடந்தது வேறு. நீர் வட்டத்தை எல்லாரும் உயர்தரப் புவியியலில் படித்து வந்திருந்தார்கள். மூன்றாவது மணித்தியாலத்தில் கொட்டாவி. ஆனாலும் தாளில் ஐந்து இருக்கிறதே என்று இழுத்தேன். இரண்டாம் அலகில் அப்படியே தலைகீழ். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும் என்று ஒரு வரியில் எழுதியிருந்தேன். "ஏன் சேர் நாற்பது?" என்றாள் ஒரு பிள்ளை. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரினது 1.025, வித்தியாசத்தால் வகுத்தால் 40 வரும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். உடனே அடுத்தவன், "அப்ப இறைச்சு அரை மீற்றர் குறைஞ்சால் உப்புத் தண்ணி 20 மீற்றர் மேல வருமோ?" என்றான். அந்த ஒரு தலைப்பே நான்கு மணித்தியாலத்தைத் தின்றது. அது வீண்போன நேரமில்லை. பாடத்தின் உயிரே அங்கேதான் இருந்தது.

இதற்குள் போயா, பொங்கல், சிவராத்திரி என்று நான்கு மணித்தியாலம் போய்விட்டது. முகாமைத்துவ அலகை ஒரே நாளில் ஓடி முடித்தேன். நைத்திரேற்றுக்கு இரண்டு. குடிக்கிற கிணற்றைப் பற்றிய அலகு அது.

வடமராட்சி ரீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஒரு பாடவேளை 40 நிமிடம், விளையாட்டுப் போட்டி வந்தால் இரண்டு கிழமை போச்சு. மேலே இருந்து வருகிற பாடத்திட்டத்தில் தலைப்பைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், எடுப்பதில்லை. நாங்கள் சனிக்கிழமையும் வகுப்பு வைத்து முடிக்கிறோம். சேரும் அப்படிச் செய்திருக்கலாமே?

கோண்டாவில் விரிவுரையாளர்

உங்களுக்கு வந்த திட்டத்தை முடிக்க வேண்டும், ரீச்சர். எனக்கோ அதை எழுதுகிற பேனாவே கையில் இருந்தது. சனிக்கிழமை வைத்தால் என் பிழையைப் பிள்ளைகள் சுமப்பார்கள்.

புதுப் பொடியன்

நானும் போன வருடம்தான் ஒரு பாடம் எழுதினேன். எனக்கு அலகுகள் சமமாக இருப்பதுதான் சரி என்று படுகிறது. ஆறு அலகு, ஆறு கேள்வி, நான்குக்கு விடை எழுதட்டும். கற்பித்ததைத்தானே கேட்க வேண்டும்? பிள்ளைகளுக்கும் நியாயம்.

இளைப்பாறிய பேராசிரியை

தம்பி சொல்வதில் பாதி சரி. கற்பித்ததற்கும் வினாத்தாளுக்கும் தொடர்பு இருக்கத்தான் வேண்டும். ஆனால் "ஆறில் நான்கு" என்று போட்ட உடனேயே இரண்டு அலகுகளைப் படிக்காமல் விடலாம் என்று அனுமதி கொடுத்தாயிற்று. எந்த இரண்டை விடுவார்கள்? கணக்கு வருகிற வில்லையையும் உவர்நீரையும். நீர் வட்டத்தை எழுதிப் புள்ளி எடுத்துப் போய்விடுவார்கள். நானும் ஒருமுறை இதில் அகப்பட்டேன். விடைத்தாள் கட்டைத் திருத்தி முடித்த பிறகு எண்ணிப் பார்த்தால், மிக அதிகம் நேரம் செலவிட்ட அலகைத் தொட்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

நான் பிறகு செய்தது இதுதான். அலகின் பெயரை எழுதுவதற்கு முன் ஒவ்வொரு தலைப்பின் கீழும் பிள்ளை கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வினைச்சொல் எழுதினேன். "பெயரிடுவார்" என்றால் அரை மணித்தியாலம் போதும். "கணிப்பார்" என்றால் விளக்க ஒன்று, பிள்ளைகள் தாங்களே செய்து பிழைவிட ஒன்று. அவற்றைக் கூட்டினால் அலகின் நேரம் தானாக வரும், ஆறும் ஒருபோதும் சமமாக வராது. கட்டாயக் கேள்வி ஒன்றை நேரம் கூடிய அலகிலிருந்து வைத்தேன்.

கோண்டாவில் சேர், உங்கள் பாடத்தில் வெளிக்களம் இல்லையா? நிலாவரைக் கிணறு புத்தூரில் பக்கத்திலேயே இருக்கிறதே. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். கரும்பலகையில் நாற்பது என்று எழுதுவதை அங்கே கண்ணால் காட்டலாம்.

கோண்டாவில் விரிவுரையாளர்

பிறகு சேர்த்தேன், அக்கா. அதிலும் ஒரு குழி இருந்தது. வெளிக்களம் விரிவுரை மாதிரி இல்லை, ஒரு கிரெடிட்டுக்கு 30 முதல் 45 மணித்தியாலம் வரை வேண்டும். நான்கு மணித்தியாலம் நிலாவரையில் நின்றால் விரிவுரைக் கணக்கில் இரண்டு என்றுகூட முழுசாகப் போட முடியாது. நான் முதலில் நான்கையும் அப்படியே போட்டேன், திருப்பி அனுப்பினார்கள். அது நியாயம்தான்.

இப்போதைய கணக்கு: நீர் வட்டம் 2, சுண்ணக்கல்லும் வில்லையும் 7, கிணறும் இறைப்பும் 4, உவர்நீர் 5, நைத்திரேற்று 5, முகாமைத்துவம் 3. மொத்தம் 26. மிச்சம் நான்கை "மீட்டலும் இடைப் பரீட்சையும்" என்று தனி வரியில் போட்டிருக்கிறேன். போயா வந்தால் அதிலிருந்து எடுப்பேன்.

இளைப்பாறிய பேராசிரியை

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வருடம் விடுமுறை குறைந்தால் நான்கு மணித்தியாலமும் வெறும் மீட்டலாகப் போகும். முகாமைத்துவத்துக்கு மூன்று போதாது, அந்த நான்கில் ஒன்றையாவது அதற்குக் கொடுங்கள்.

சுன்னாகத்து நூலகர்

மணித்தியாலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், வாசிப்புப் பட்டியலை யாரும் தொடவில்லை. எங்களிடம் வந்த ஒரு பட்டியலில் 14 புத்தகம். நூலகத்தில் இருந்தவை மூன்று, அவற்றிலும் ஒவ்வொரு பிரதி. வகுப்பில் 60 பேர். முதல் கிழமையே ஒருவன் எடுத்துப் போனான், மிச்சப் பேர் போட்டோ கொப்பிக் கடையில் நின்றார்கள். தமிழில் ஒன்றுகூட இல்லை.

கோண்டாவில் விரிவுரையாளர்

அது என் பட்டியலாகவும் இருக்கலாம்.

அடுத்த முறை எண்ணிப் பார்த்தேன். ஒரு கிரெடிட் என்றால் பிள்ளையின் மொத்த உழைப்பு 50 மணித்தியாலம் என்று தகைமைச் சட்டகம் சொல்கிறது. இரண்டுக்கு 100. வகுப்புக்கு 30 போனால் 70. ஒப்படைக்கும் பரீட்சைக்கும் 40 விட்டால் வாசிக்க 30, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம். என் வகுப்பில் ஒரு ஆங்கிலப் பக்கத்தைக் கொடுத்து நேரம் பார்த்தேன், பத்து நிமிடம் எடுத்தது. அப்படியென்றால் கிழமைக்கு 12 பக்கம், தவணை முழுக்க 180. நான் கொடுத்திருந்தது முழுப் புத்தகங்கள்.

இப்போது ஒவ்வொரு அலகின் கீழும் ஒரே ஒரு கட்டாய வாசிப்பு, அத்தியாயமும் பக்கமும் குறித்து. மற்றவை மேலதிகம். எழுதும் முன் நூலகத்துக்குப் போய் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

புதுப் பொடியன்

தமிழில் இல்லாத அலகுக்கு என்ன செய்கிறீர்கள், சேர்? நானே குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு புத்தகத்தை யாரும் திறக்கவே இல்லை.

சுன்னாகத்து நூலகர்

உண்மை. குறிப்பு வந்த கிழமையிலிருந்து அந்தத் தட்டில் தூசிதான்.

கோண்டாவில் விரிவுரையாளர்

நைத்திரேற்று அலகுக்கு நானும் குறிப்புத்தான் கொடுக்கிறேன், தம்பி. ஆறு பக்கம். கடைசிப் பக்கத்தில் அட்டவணை ஒன்றை வெறுமையாக விட்டு, அதை நிரப்ப ஆங்கில அத்தியாயத்தைத் திறக்க வேண்டும் என்று வைத்தேன். முதல் தடவை பாதிப் பேர் திறந்தார்கள். மற்றப் பாதி அவர்களிடம் பார்த்து எழுதினார்கள்.