புதுப்பிப்பு: ஹாலோ பிளாக் சுற்றுச்சுவரின் வெற்றோசை

“கம்பி நிறுத்திக் கான்கிரீட் ஊற்றிய குழிகளில் சிலவற்றை அடிவரிசையில் தட்டினால் வெற்றோசை கேட்கிறதே, ஏன்?” (சென்ற மாதம் நான் கேட்டது)

இங்கே பொறியாளர் ஒருவர் சொன்னபடி, அப்படி ஒலித்த ஒரு குழியின் அடிக்கல்லை உடைத்துப் பார்த்தேன். கட்டும்போது உள்ளே விழுந்த கலவை ஒரு சாண் உயரத்துக்குக் குவிந்து இறுகியிருந்தது. அதற்கு மேல் 12 மி.மீ. கம்பி கான்கிரீட் படாமல் துருவேறி நின்றது. ஆறடிச் சுவர் சாயாமல் தாங்க வேண்டிய இடமே அதுதான்.

தண்ணீர் கூடினால் வலு குறையும் என்று கொத்தனார் கெட்டியாகவே ஊற்றியிருந்தார். தூணுக்கு அது சரி. ஆனால் காய்ந்த கல் நீரை உறிஞ்சிவிடுவதால், குறுகிய குழிக்குள் பொடி ஜல்லி சேர்த்த இளகிய கலவைதான் இறங்கும். மீதிச் சுவரில் ஒவ்வொரு கம்பிக் குழிக்கும் அடிக்கல்லில் திறப்பு விட்டு, விழுந்ததை வாரியெடுத்து, அடைத்தபின் நாலடி உயரம் வரை ஊற்றிக் கம்பியால் குத்தினோம். இப்போது ஓசை கனமாக இருக்கிறது.

ஈரக்கசிவு பற்றிக் கேட்ட நண்பருக்கு: அது பூச்சு சார்ந்தது, இதனால் நிற்காது. பழைய குழிகளில் துளையிட்டுச் சிமெண்ட் பால் செலுத்தலாமா, இடித்துவிடலாமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.