கலைச்சொல்: கல்குலேற்றரின் σx, sx இரண்டுக்கும் தமிழ்ப் பெயர்

ஆய்வுகூட விரிவுரையாளர்:
வணக்கம். கிணற்று நீரின் வன்மை பார்க்கும் நியமிப்புக்குத் தமிழில் கையேடு எழுதுகிறேன். அளவி வாசிப்புகள் ஐந்து: 24.1, 24.3, 24.2, 24.4, 24.0 மில்லிலீற்றர். fx-991ES PLUS இல் MODE, 3, 1 அழுத்தினால் ஒரு நிரல் வரும், ஒவ்வோர் எண்ணுக்கும் பின் = அழுத்தி, முடிந்ததும் AC. பிறகு SHIFT, 1, 4 இல் x̄ இருக்கிறது, 24.2, அதை இடை என்போம், சிக்கலில்லை. ஆனால் நியம விலகல் இரண்டு நிற்கிறது: σx 0.1414, sx 0.1581. பிள்ளைகள் முதலில் கண்டதை எழுதிவிடுகிறார்கள். குடித்தொகை நியம விலகல், மாதிரி நியம விலகல் என்று வைக்கலாமா?

கணித ஆசிரியர்:
சேர், முப்பது எண்ணுக்கு மேல் போனால் இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு பெயர்?

ரியூசன் நடத்தும் அக்கா:
எனக்கு இடையே பிழையாக வருகிறது. பழைய fx-82MS. ஐந்து புள்ளிகள் போட்டேன், n=9 என்கிறது.

ஓய்வுபெற்ற புள்ளிவிபரப் பேராசிரியர்:
அக்காவுக்கு முதலில். முன்பு போட்ட நான்கு எண்கள் உள்ளே இருக்கின்றன, அந்த ரகம் நிறுத்தினாலும் அவற்றை விடாது. SHIFT, MODE, 1, = அழுத்தி அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒவ்வொரு M+ இற்கும் திரையில் n ஒன்று கூடும், அதைப் பார்த்துக்கொண்டே போடுங்கள், M+ ஐ இரண்டுமுறை அழுத்தினால் அதே எண் இருமுறை சேர்ந்துவிடும்.

தம்பி, முப்பதில் வித்தியாசம் ஏறத்தாழ 1.7 வீதம், ஐந்தில் 12 வீதம். குறையும், இல்லாமல் போகாது. அதைவிட, தெரிவு எண்ணிக்கையில் இல்லை. ஐந்தே பேர் உள்ள வகுப்பின் புள்ளிப் பரம்பலைச் சொல்ல σx போதும், அதற்கு வெளியே யாரும் இல்லை. நியமிப்பில் அப்படியில்லை, ஆறாவது தரம் செய்தால் என்ன வரும் என்பதையும் சேர்த்துத்தான் பேசுகிறோம், ஆகவே sx.

சேர், "மாதிரி நியம விலகல்" எனக்குப் பிடிக்கவில்லை. கையிலுள்ள ஐந்து எண்களின் விலகல் என்றே பிள்ளை விளங்கிக்கொள்வான், அது உண்மையில் σx. sx என்பது அவற்றை வைத்து வெளியே உள்ளதை மதிப்பிடுவது, அதனால்தான் n-1 ஆல் வகுக்கிறோம். "மதிப்பிட்ட நியம விலகல்" என்று வையுங்கள்.

ஆய்வுகூட விரிவுரையாளர்:
ஐயா, காரணம் சரி. ஆனால் "மாதிரி" பாடநூல்களில் ஊறிவிட்டது, முழுதாகக் கைவிட்டால் பிள்ளை இரண்டையும் பொருத்தமாட்டான். "மாதிரிவழி நியம விலகல்" என்றால்?

பேராசிரியர்:
வழி என்பது வேலையைச் சொல்கிறது, ஏற்கிறேன். அப்படியானால் σx? நியமிப்பில் குடித்தொகை என்று எதைக் காட்டுவீர்கள்? "தரவின் நியம விலகல்" என்பேன்.

கணித ஆசிரியர்:
குடித்தொகையை எடுத்தால் சோதனை வினாத்தாளில் வரும் சொல்லோடு முட்டும், ஐயா. நான் அதற்கு உடன்படவில்லை.

ஆய்வுகூட விரிவுரையாளர்:
இப்போதைக்கு sx இற்கு மாதிரிவழி என்று அச்சுக்குக் கொடுக்கிறேன், பக்கத்தில் பழைய ரகத்தின் xσn-1 ஐயும் போடுகிறேன். σx இற்கு இடம் விட்டிருக்கிறேன்.