நாளைய காற்றையும் மழையையும் அழுத்த வரைபடத்தில் பார்த்தபோது எங்கே தவறினோம்: அனுபவப் பகிர்வு

அயர் கரை:
நான் கிளாஸ்கோவில் வசிக்கிறேன். எங்கள் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டு விழாவை அயர் கடற்கரையோரத் திடல் ஒன்றில் நடத்தினோம். கூடாரம் போடும் பொறுப்பு என்னுடையது. முந்தைய நாள் மாலையே பிரித்தானிய வானிலை அலுவலகத்தின் தரைமட்ட அழுத்த வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சனிக்கிழமை 0000 UTC நேரத்துக்குரிய படத்தில், அரைவட்டங்கள் பதித்த வெப்ப வளிமுகம் அயர்லாந்தின் மேற்குக் கரையில் நின்றது. முக்கோணங்கள் பதித்த குளிர் வளிமுகம் அதற்கு இன்னும் 350 கிலோமீட்டர் மேற்கே, அட்லாண்டிக்கில் இருந்தது. வெப்ப வளிமுகத்துக்கும் எங்கள் திடலுக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே 350 கிலோமீட்டர்தான்.

விடியற்காலையில் மழை தொடங்கும், பத்து மணிவாக்கில் விட்டுவிடும், பிறகு நாள் முழுவதும் நமக்குத்தான் என்று முடிவு செய்தேன். மழையைப் பொறுத்தவரை நான் பெரிதாகத் தவறவில்லை. பத்தரைக்குப் பிறகு தூறல் மட்டுமே இருந்தது. ஆனால் பிற்பகல் இரண்டு மணியளவில் கறுத்த மேகம் ஒன்று வந்து பத்து நிமிடம் கொட்டித் தீர்த்தது; அதுவரை தென்மேற்கிலிருந்து வீசிய காற்று வடமேற்குக்கு மாறிக் கூடாரத்தின் திறந்த பக்கத்துக்குள் நேராகப் புகுந்தது. ஈர மண்ணில் அடித்திருந்த முளைகளில் மூன்று, கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. குழந்தைகள் அப்போது மறுகோடியில் ஓட்டப்பந்தயத்தில் இருந்ததால் யாருக்கும் அடியில்லை. வரைபடத்தில் எதைப் பார்க்கத் தவறினேன் என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லீட்ஸ் மாணவி:
தாழ்வழுத்த மையத்தில் எழுதியிருக்கும் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், அண்ணா. 970 என்றால் பலத்த காற்று, 1000 என்றால் மென்மையான காற்று. நான் அப்படித்தான் கணிக்கிறேன், பெரும்பாலும் சரியாகவே வருகிறது.

பழைய மாலுமி (தூத்துக்குடி, வணிகக் கப்பலில் 31 ஆண்டுகள்):
தங்கையின் கணிப்பு பெரும்பாலும் பலிப்பதற்குக் காரணம் உண்டு. ஆழமான தாழ்வைச் சுற்றிச் சமஅழுத்தக் கோடுகள் நெருங்கி இருப்பது வழக்கம். ஆனால் காற்றை உண்டாக்குவது அந்த நெருக்கமே தவிர, மையத்தின் எண் அன்று. 970 மில்லிபார் மையத்துக்குள்ளேயே காற்று ஓய்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். 1030 உயர்வழுத்தத்தின் விளிம்பில் கோடுகள் நெருங்கியதால் இரண்டு நாள் தொடர்ந்து அடி வாங்கியதும் உண்டு.

கிளாஸ்கோ நண்பருக்கு அவருடைய படத்தையே வைத்துக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். அந்தப் படத்தில் கோடுகள் 4 மில்லிபாருக்கு ஒன்றாக வரையப்படும். மூலையில் காற்று வேகத்துக்கான அளவுகோல் ஒன்றும் அச்சாகியிருக்கும். கவராயத்தை எடுத்து, வளிமுகத்தின் மேலேயே அடுத்தடுத்த இரண்டு கோடுகள் அதை வெட்டும் புள்ளிகளுக்கு இடையே வையுங்கள். உங்கள் அட்சரேகையில் அந்த இடைவெளி 175 கிலோமீட்டர் என்றால் அளவுகோல் சுமார் 30 நாட் காட்டும், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர். குளிர் வளிமுகம் ஏறக்குறைய அந்த முழு வேகத்தில் நகரும். வெப்ப வளிமுகம் அதில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 37 கிலோமீட்டர் வேகத்தில்தான் வரும். ஆகவே வெப்ப வளிமுகம் உங்கள் திடலை அடைய ஒன்பதரை மணி நேரம். 700 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கிளம்பிய குளிர் வளிமுகத்துக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பின்னால் வருவது முன்னால் போவதைத் துரத்திப் பிடிப்பதால், உங்களுக்குக் கிடைத்த இடைவேளை மூன்று மணி நேரத்தைச் சற்றே தாண்டியதுதான். கோடைகாலக் கடிகாரப்படி பத்தரை முதல் இரண்டு மணிக்குச் சற்று முன்பு வரை. நாள் முழுவதும் உங்களுடையதாக இருந்திருக்க வழியில்லை.

அயர் கரை:
ஐயா, இதைப் படித்ததும் சேமித்து வைத்திருந்த படத்தை மறுபடி எடுத்து அளந்தேன். நீங்கள் சொன்ன இடைவெளி 170 முதல் 180 கிலோமீட்டர் வரை வருகிறது. நான் மழைப்பட்டையை மட்டும் பார்த்திருக்கிறேன். வெப்ப வளிமுகத்துக்கு முன்னால் இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டர் வரை மழை பரவியிருக்கும் என்பது தெரிந்ததால், அது கடந்துபோனதும் வேலை முடிந்தது என்று படத்தை மூடிவிட்டேன். குளிர் வளிமுகத்துக்குப் பின்னால் கோடுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கவே இல்லை. இப்போது அளந்தால் அங்கே 115 கிலோமீட்டர்தான் இடைவெளி. அளவுகோல் 45 நாட் காட்டுகிறது.

பழைய மாலுமி:
உங்கள் முளைகளைப் பிடுங்கியது அந்த 45தான். தரைக்கு மேல் உராய்வு இருப்பதால் சராசரிக் காற்று அதில் பாதியளவே இருக்கும். கடலின் மேல் மூன்றில் இரண்டு பங்கு அல்லது சற்றுக் கூடுதல். சராசரி 22 நாட் என்றால் கூடாரம் தாங்கும் என்று தோன்றும். ஆனால் குளிர் வளிமுகத்துக்குப் பின் வரும் காற்று நிலையற்றது. மழைமேகங்கள் மேலேயுள்ள வேகத்தை அப்படியே கீழே இறக்கும்போது, வீச்சுகள் அளவுகோல் காட்டும் எண்ணையே எட்டிவிடும். கயிற்றின் இழுவையை வீச்சுக்குக் கணக்கிட வேண்டும், சராசரிக்கு அன்று.

நேர விஷயத்திலும் கவனமாக இருங்கள். படத்தில் இருப்பது UTC. கோடையில் உங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். நெருக்கடியான வேளையில் அந்த ஒரு மணி நேரமே ஏமாற்றிவிடும்.

நாகை விசைப்படகு:
வணக்கம். எங்கள் வானிலை மையத்தின் படத்தில் முக்கோணமும் இல்லை, அரைவட்டமும் இல்லை. இரண்டு மில்லிபாருக்கு ஒரு கோடுதான் போடுகிறார்கள். அதே அளவுகோலை இங்கே வைத்தால் கச்சானும் வாடையும் எத்தனை நாட் என்று வரும்? இன்னொன்று, போன மாதம் காலை பத்து மணிக்கு இருந்த அழுத்தம் மாலை நான்குக்குள் மூன்று மில்லிபார் இறங்கியதைப் பார்த்துத் தாழ்வு உருவாகிறது என்று பயந்து படகைக் கடலுக்கு அனுப்பவில்லை. மறுநாள் கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒருநாள் தொழில் போய்விட்டது.

பழைய மாலுமி:
தம்பி, அந்த அளவுகோல் நடு அட்சரேகைகளுக்கானது. அதை நாகைக்குக் கொண்டு வராதீர்கள். பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை உங்கள் பகுதியில் அயரில் இருப்பதில் கால் பங்குக்கும் குறைவு. கணக்கு மட்டும் போட்டால் இரண்டு கோடுகளுக்கு நடுவே இல்லாத புயல் வரும். குளிர்ந்த காற்றுத்திரளும் வெப்பக் காற்றுத்திரளும் மோதும் எல்லை அங்கே அமைவதில்லை என்பதால்தான் வளிமுகமும் வரைவதில்லை.

நீங்கள் கண்ட மூன்று மில்லிபார் வெப்ப மண்டலத்தில் அன்றாடம் நிகழும் ஏற்ற இறக்கம். காலை பத்து மணியளவில் அழுத்தம் ஏறி, மாலை நான்கு மணியளவில் இறங்கும். இரவிலும் அப்படியே ஒரு சுற்று. இன்று மாலை நான்கை நேற்று மாலை நான்கோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டிலும் மூன்று மில்லிபார் குறைந்திருந்தால் படகைக் கட்டிப்போட்டது சரியே.

லீட்ஸ் மாணவி:
மையத்தின் எண்ணைப் பற்றி நான் நினைத்திருந்தது பாதிதான் சரி என்று புரிகிறது. ஆனாலும் ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. போன மார்ச்சில் குளிர் வளிமுகம் ஒன்று லீட்ஸைக் கடந்தது. முக்கோணங்கள் எல்லாம் தெளிவாகவே இருந்தன. ஒரு சொட்டு மழை இல்லை, மேகம் மட்டும் வந்து போனது. அப்படியானால் மழையை இந்தப் படத்தில் எப்படிப் பார்ப்பது?

அயர் கரை:
சமஅழுத்தக் கோடுகள் வளிமுகத்தைத் தாண்டும் இடத்தில் எவ்வளவு கூர்மையாக முறிகின்றன என்று பாருங்கள். என் படத்தில் நன்றாக முறிந்திருந்தன, மழையும் கொட்டியது. உங்கள் படத்தில் அவை வளையாமலே கடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பழைய மாலுமி:
அந்த முறிவு காற்று திசைமாறும் அளவைக் காட்டும், அதை நம்பலாம். மழைக்கும் அதுவே போதும் என்பதை நான் முழுதாக ஏற்க மாட்டேன். மேலே உலர்ந்த காற்று வளிமுகத்தை முந்திக்கொண்டு ஓடினால், கோடுகள் நன்றாக முறிந்திருந்தாலும் மழை வறண்டுவிடும். தரைமட்டப் படத்தில் அது தெரியாது. செயற்கைக்கோள் படத்தையும் மழை ரேடாரையும் பக்கத்தில் வைத்துத்தான் நான் முடிவெடுப்பேன்.

லீட்ஸ் மாணவி:
அன்றைய படத்தைத் தேடி எடுத்துவிட்டேன். அண்ணா சொன்னதற்கு மாறாகக் கோடுகள் நன்றாகவே முறிந்திருக்கின்றன. காற்றும் அன்று மேற்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பியது என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. அந்த நேரத்து ரேடார் படம் மட்டும் என்னிடம் இல்லை.