புதுப்பிப்பு: வீட்டுக்காரரோட ரெண்டாவது செமன் ரிப்போர்ட் வந்துருச்சு

முன்னாடி கேட்டது: "முதல் ரிப்போர்ட்ல விந்தணு கவுண்ட் 9 மில்லியன்னு வந்திருக்கு, நேரா ஐவிஎஃப் தானா?"

லேப்ல வேலை பாக்குற அண்ணா ஒருத்தர் முதல்ல வந்தது கப்புல விழுந்துச்சான்னு கேட்டாரே, மேட்டரே அதான். இவர்கிட்ட கேட்டா ஆரம்பத்துல கொஞ்சம் வெளிய சிந்திருச்சாம், அணுக்கள் அதிகமா இருக்கறதே அந்த முதல் பகுதியிலதானாம், போதாக்குறைக்கு அதுக்கு முன்னாடிதான் டெங்கு வேற, காய்ச்சலோட பாதிப்பு ரெண்டு மூணு மாசம் வரைக்கும் ரிப்போர்ட்ல தெரியுமாம். அதனால இடைவெளி விட்டு, மூணு நாள் விந்து வெளியேறாம இருந்து, இந்த தடவை லேப்லயே குடுத்தார்.

இப்போ அளவு 2.5 எம்எல், எம்எல்லுக்கு 18 மில்லியன், பெருக்கினா மொத்தம் 45 மில்லியன். உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன மொத்த எண்ணிக்கைக்கான கீழ் லிமிட் 39 மில்லியன். ஆனா அது பாஸ் மார்க் இல்லையாம், ஒரு வருஷத்துக்குள்ள குழந்தை உண்டானவங்கள்லயே நூத்துக்கு அஞ்சு ஆம்பளைங்க அதுக்கும் கீழதான் இருந்தாங்களாம். முன்னோக்கி நீந்துறது மட்டும் 28%, லிமிட் 30.

மார்ஃபாலஜி 3%ன்னா குழந்தைக்கு குறை வரும்னு சொன்ன அக்கா, கம்மிதான் ஒத்துக்கறேன், ஆனா அது சரியான வடிவத்துல இருக்கற அணுக்கள் எத்தனைங்கறது மட்டும்தான், லிமிட்டே 4 தான்.

விந்தணுவை கருப்பைக்குள்ள செலுத்துற ஐயுஐயா, இன்னும் கொஞ்ச மாசம் பாக்கலாமான்னு டாக்டர் இன்னும் முடிவா சொல்லல, என் கருக்குழாய் டெஸ்ட் ரிசல்ட் வரணுமாம்.