சர்க்கரைச் சுழல் படம்: நீங்கள் பார்த்த தவறுகளைப் பகிருங்கள்

டியூசன் டீச்சர், சுங்கை சிப்புட்
உடம்பு ரத்தச் சர்க்கரையைத் தானே சீராக்கும் சுழலைப் பெட்டியும் அம்பும் போட்டு வரைந்து, ஒவ்வொரு அம்பிலும் கூட்டல் அல்லது கழித்தல் குறி இடவேண்டும். படிவம் 4 பிள்ளைகள் பெட்டிகளை ஓரளவு சரியாகப் போட்டுவிடுகிறார்கள். கெடுவது அம்புக்குறியில்தான். ஒரு தாளில் மூன்று அம்பிலும் கழித்தல். கேட்டால், "எதிர்மறைப் பின்னூட்டம்தானே டீச்சர்" என்கிறான் பையன். மூன்று கழித்தலைப் பெருக்கினாலும் கழித்தல்தான், அதனால் மொத்த விடை தற்செயலாகச் சரியாகிவிடுகிறது. படமோ, சர்க்கரை ஏறினால் இன்சுலின் குறையும் என்று சொல்கிறது!

ஒவ்வொரு அம்பையும் தனியாகக் கேளுங்கள்: முன்னது ஏறினால் பின்னது ஏறுமா, இறங்குமா? ரொட்டி சானாயும் தே தாரேக்கும் உள்ளே போய், சர்க்கரை 5 மில்லிமோலிலிருந்து 8 ஆகிறது. கணையத்தின் பீட்டா செல் இன்சுலினைக் கூட்டுகிறது: கூட்டல். கல்லீரலும் தசையும் அதிகமாக உள்ளே இழுக்கின்றன: கூட்டல். ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது: கழித்தல். கழித்தல் ஒற்றைப்படையில் வந்தால் சுழல் தன் ஏற்றத்தைத் தானே இறக்குகிறது, அதுதான் எதிர்மறைப் பின்னூட்டம்.

பழைய மாணவர்
கணையம் சென்சார், மூளை கட்டுப்படுத்தி, இன்சுலின் செயல்படுத்தி. நாங்கள் இப்படித்தான் வரைந்தோம்.

டியூசன் டீச்சர்
அண்ணே, கணையம் சரி. மூளை, உடல்வெப்பப் படத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. கணையத்துக்கு நரம்பு போகிறது, ஆனால் பீட்டா செல்களை வெளியே எடுத்துக் கிண்ணத்தில் வைத்துக் குளுக்கோஸ் ஊற்றினாலும் இன்சுலின் சுரக்கும். அளப்பதும் முடிவெடுப்பதும் அதே செல்தான். இன்சுலின் தபால் மாதிரி. அதை அம்பின் மேல் எழுதுங்கள், பெட்டிக்குள் வேண்டாம்.

தோட்டத்து அக்கா
அம்மாவுக்குச் சாப்பிட்டு 2 மணி நேரத்தில் மீட்டர் 11 காட்டுது. அப்போ மீட்டர்தான் சென்சாரா? மருந்தைக் கூட்டலாமா?

கிளினிக் தாதி
மருந்தை நீங்களாகக் கூட்டாதீங்க அக்கா. மீட்டர் அளவுகளைத் தேதியோடு எழுதி டாக்டரிடம் காட்டுங்க. மீட்டர் சுழலுக்கு வெளியே நின்று பார்க்கிற ஒன்று, உடம்புக்குள் எதையும் மாற்றாது. இரண்டாம் வகை நீரிழிவென்றால், இன்சுலினிலிருந்து தசைக்குப் போகும் அம்பை மெல்லிய கோடாகப் போடலாம்: தபால் போகுது, பதில் குறைவு. முதல் வகையில் பீட்டா செல் பெட்டியையே கோடு போட்டு அடித்துவிட வேண்டும்.

நாலாம் படிவ மாணவி
சர்க்கரை குறையும்போது அதை ஏற்றும் ஹார்மோனான குளுகோகனின் சுழலிலும் தசையைப் போடலாமா?

டியூசன் டீச்சர்
வேண்டாம்மா. தசை தன் சேமிப்பைத் தானே எரித்துக்கொள்ளும். அதைக் குளுக்கோஸாக்கி ரத்தத்தில் விடும் நொதி அதற்கு இல்லை, கல்லீரலுக்கு உண்டு. இந்தச் சுழலில் கழித்தல் முதல் அம்பிலேயே வந்துவிடும்: சர்க்கரை ஏறினால் குளுகோகன் குறையும். மற்ற இரண்டும் கூட்டல்.

பழைய மாணவர்
ஒரே செல் இரண்டு வேலை செய்தால், பெட்டி ஒன்றா இரண்டா?

டியூசன் டீச்சர்
நான் இரண்டு பெட்டி போட்டு, சுற்றிலும் புள்ளிக்கோட்டில் 'பீட்டா செல்' என்று எழுதச் சொல்வேன்.

கிளினிக் தாதி
எனக்கு ஒரே பெட்டிதான் உண்மைக்குக் கிட்ட வருது.