கலைச்சொல் வேண்டும்: விலகிப் போனவர் ஆளையும் கூட்டிப் போவதைத் தடுக்கும் பிரிவு

பெருந்துறை, மசாலா ஆலைக் கணக்கர்:

வணக்கம்ங்க. எங்க ஆலையில 18 பேர். மாசி மாசம் வறுவல் மாஸ்டர் விலகித் தனியா ஆரம்பிச்சார். மூணு வாரத்துல பொட்டலம் போடுற ரெண்டு பொண்ணுங்களும், திருப்பூர் ஓட்டல்களுக்கு ஆர்டர் எடுத்த பையனும் அவர் பின்னாடியே போயிட்டாங்க. ஓட்டலுக்கு ஓட்டல் எங்க விலை வேற வேற. அவர் ஒவ்வொரு ஓட்டலுக்கும் எங்க விலையில இருந்து கிலோவுக்குச் சரியா 4 ரூபாய் குறைச்சுக் கேட்டிருக்கார். எங்க விலை நோட்டைப் பார்க்காம அது முடியாது.

இனி வேலைக்குச் சேர்றவங்ககிட்ட தமிழ்லயே ஒப்பந்தம் எழுதி வாங்கணும். ‘ரகசியக் காப்பு’ன்னா எல்லாருக்கும் புரியுது. ‘நோ போச்சிங்’குக்கு ‘வேட்டைத் தடை’ன்னு எழுதிப் படிச்சுக் காட்டினேன், காட்டிலாகா சமாச்சாரமான்னு கேக்கறாங்க. நல்ல சொல் சொல்லுங்க.

கோவை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘ஆட்கவர்வுத் தடை’ எனலாம். பகைவர் ஆநிரையைக் கவர்ந்து வருவதைப் பாடும் வெட்சித் திணை நம்மிடம் உண்டு. போனவரோடு யார் போனாலும் அது கவர்வுதான்.

ஈரோடு, வழக்கறிஞர்:

ஐயா, கடைசி வரியில்தான் எனக்குத் தயக்கம். மாடு தானாகப் போகாது, ஆள் போவார். அந்தப் பொண்ணுங்க கூலி கூடக் கிடைக்கும்னு தாங்களே கேட்டுப் போயிருந்தால் அதைத் தடுக்க முடியாது. மாஸ்டர் கூப்பிட்டு ஆசை காட்டியிருந்தால்தான் இந்தப் பிரிவுக்கு வேலை. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும். நம்ம ஊரில் ‘ஆளைக் கலைச்சுட்டுப் போயிட்டான்’ என்பார்கள். கலைந்து போவது தன்வினை, கலைப்பது பிறவினை. ‘ஆள்கலைப்புத் தடை’ என்பது என் பரிந்துரை.

திருப்பூர், பனியன் கம்பெனி உரிமையாளர்:

நான் டெய்லருங்ககிட்ட, விலகினா 2 வருஷம் வேற எந்தக் கம்பெனியிலும் சேரக் கூடாதுன்னு எழுதி வாங்கி வெச்சிருக்கேன்ங்க. அதுக்கும் இதே சொல் சரியா இருக்குமா?

ஈரோடு, வழக்கறிஞர்:

அண்ணா, அது வேறு. அதைத் ‘தொழில் தடை’ என்றே சொல்லுங்கள். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி அது செல்லாது. வேலையில் இருக்கும் காலத்துக்கு மட்டும் அப்படிக் கட்டுப்படுத்தலாம். 1967இல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது அதைத்தான்.

கணக்கர் தம்பிக்கு: பெயரைவிட, எது ரகசியம் என்று பிரித்து எழுதுவது முக்கியம். மல்லி எந்தப் பதத்தில் இறக்கணும் என்பது மாஸ்டரின் கைப்பழக்கம், அது அவரோடு போகும். எத்தனை கிலோ மல்லிக்கு எத்தனை கிராம் பட்டை என்ற அளவுச்சீட்டு உங்களுடையது. ஈரோடு மஞ்சள் ஏல விலை ஊருக்கே தெரியும். உங்கள் மண்டிக்காரர் தரும் தள்ளுபடியும் கடன் நாட்களும்தான் ரகசியம். ஓட்டல் பெயர் ரோட்டில் போர்டாகவே தொங்குகிறது. அந்த ஓட்டல் வாரத்துக்கு எவ்வளவு, என்ன விலைக்கு எடுக்கிறது என்பதுதான் ரகசியம். ‘எல்லாமே ரகசியம்’ என்று எழுதினால் நீதிமன்றத்தில் எதுவும் நிற்காது.

அளவுச்சீட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

பெருந்துறை, கணக்கர்:

வறுவல் சட்டிக்கு மேல சுவத்துல ஒட்டியிருக்குங்க அக்கா. மஞ்சக்கறை படிஞ்சு, யார் வேணும்னாலும் படிக்கிற மாதிரி.

ஈரோடு, வழக்கறிஞர்:

முதலில் அதைக் கழற்றுங்கள். நீங்களே ரகசியமாக வைக்காததை அடுத்தவர் காக்கவில்லை என்று வழக்காட முடியாது. சில்லறைச் சரக்கை முதலாளி வீட்டில் நிறுத்து, 1, 2, 3 என்று எண் போட்ட பையாக அனுப்பலாம். வறுப்பவருக்கு எந்தப் பை எப்போது என்று தெரிந்தால் போதும்.

பிரிவை இப்படி எழுதலாம்: ‘விலகிய நாளிலிருந்து 12 மாதம் வரை, இங்கே வேலை செய்பவரை நானாகவோ பிறர் மூலமாகவோ அணுகி விலகச் சொல்ல மாட்டேன். விளம்பரம் பார்த்து அவரே வந்தால் இது பொருந்தாது.’ நஷ்டஈடாக 10 லட்சம் என்று போடாதீர்கள். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான ஈடு எவ்வளவு என்று நீதிமன்றமே பார்க்கும். வாடிக்கையாளரை அணுகாதே என்பதைத் தனிப் பிரிவாக வையுங்கள். விலகிய பிறகு அது செல்லுமா என்பதில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கட்டும்.

கோவை, தமிழாசிரியர்:

தன்வினை, பிறவினை விளக்கத்தை ஏற்கிறேன் அம்மா. ஆனால் ‘கலைப்பு’ என்றால் கருக்கலைப்பும் சட்டமன்றக் கலைப்பும் நினைவுக்கு வருகின்றன. ‘ஆள்கலைப்பு’ என்பதை ஆட்குறைப்பு என்று தொழிலாளி பயந்துவிடவும் கூடும். ‘ஆளிழுப்புத் தடை’ என்றால் என்ன? இழுப்பதற்கு ஒருவர் வேண்டும், தானாக வருபவரை யாரும் இழுப்பதில்லை.

பெருந்துறை, கணக்கர்:

ரெண்டையும் எழுதிப் புது மாஸ்டருக்குப் படிச்சுக் காட்டினேன்ங்க ஐயா. ‘ஆளிழுப்பு’ உடனே புரிஞ்சுது. ‘ஆள்கலைப்பு’ன்னதும் யாரை நிறுத்தப் போறீங்கன்னு கேட்டார். அப்புறம் இன்னொண்ணும் கேட்டார், அதுக்கு எனக்குப் பதில் தெரியலை: “எம் மச்சானும் இங்கதான் பொட்டலம் போடறான். நான் நாளைக்குக் கடை போட்டா, அவனை வாடான்னு கூப்பிட்டா அதுவும் இழுப்பாங்க?”